ஒரு காலை மட்டும் திருப்பி அனுப்பலாம்

அளவுக்காரம்மா என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர் இல்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. வங்கியில் கையெழுத்துப் போடும்போது மட்டும் அதை வெளியே எடுப்பார். மற்றபடி அவர் அளவுக்காரம்மா. உள்ளே வரும் ஆளின் முகத்தைப் பார்க்குமுன் காலைப் பார்த்து, "இடது ஏழு, வலது ஏழரை, சரிதானே?" என்று கேட்டுவிடுவார். பாதி நேரம் சரியாகவே இருக்கும். மீதி நேரம், "உங்களுக்கே உங்க கால் தெரியல" என்று சொல்லிவிடுவார்.

படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. அதுவும் ஐந்தை முடித்தாரா, பாதியில் எழுந்து வந்தாரா என்பது அவருக்கே சந்தேகம். ஆனால் தொழிலை யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. அதில் சந்தேகமே இல்லை. காலணித் தொழிற்சாலைகள் கடைக்காரர்களுக்குக் காட்டுவதற்கென்று ஒரு கால் ஷூவை மட்டும் மாதிரியாக அனுப்பும். பருவம் முடிந்ததும் அந்த ஒற்றைக் கால்களையெல்லாம் மூட்டை கட்டி வெளியே தள்ளிவிடும். கணவர் போன பிறகு, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்த மூட்டைகளில் ஒன்றை வாங்கி வந்தார் இந்த அம்மா. பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஒற்றைக் காலை யார் வாங்குவான்?

யார் வாங்குவான் என்பது அவருக்குத் தெரியும். அவருடைய அண்ணனுக்கே ஒரு கால் சிறியது. வாழ்நாள் முழுக்கச் சின்னக் காலுக்குள் துணியைத் திணித்துக்கொண்டு நடந்த மனுஷன். அப்படி எத்தனை பேர்! ஒரு கால் வீங்கியவர்கள், விரல் இழந்தவர்கள், பிறவியிலேயே ஒரு பக்கம் பெரியவர்கள். இரண்டு ஜோடி வாங்கி இரண்டிலும் ஒன்றைத் தூக்கி எறிகிறவர்கள். பேருந்து நிலையத்து வாசலில் சாக்கை விரித்து, "இடது தனி, வலது தனி, உங்க காலுக்கு எது சேருதோ அது ஜோடி" என்று ஒரு குரல் கொடுத்தார் பாருங்கள், அன்று சிரித்தவர்கள் மறுநாள் செருப்பைக் கழற்றிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

சாக்கு தள்ளுவண்டி ஆயிற்று, தள்ளுவண்டி கடை ஆயிற்று, கடை இரண்டு மாடி ஆயிற்று. ஒற்றைக் கால்களோடு சாதாரண ஜோடிகளும் வந்து சேர்ந்தன. இடுப்பில் இருந்த குழந்தை பெரியவளாகிக் கணினி படித்து, கடையை இணையத்தில் ஏற்றினாள். இப்போது கீழே கடையும் பேக்கிங் மேஜையும். மேலே மகளின் அலுவலகம். இரண்டு திரை, ஒரு ஏசி, உட்கார்ந்தால் பின்னால் சாய்ந்துகொள்ளும் நாற்காலி. அந்த நாற்காலியில் அளவுக்காரம்மா ஒருமுறை உட்கார்ந்து, அது சாய்ந்ததும், "விழத்தள்ளுற நாற்காலிக்கு இவ்வளவு விலையா?" என்று எழுந்து வந்துவிட்டார். அதற்குப் பிறகு அதில் உட்காரவில்லை.

வம்பு எங்கிருந்து வந்தது என்றால், இணையதளத்தின் உதவிப் பக்கத்திலிருந்து.

ஆர்டர் எங்கே இருக்கிறது, எப்படி மாற்றுவது, எப்படித் திருப்பி அனுப்புவது என்று வாடிக்கையாளருக்குச் சொல்லும் பக்கம் அது. தளம் கட்டும்போதே அதற்கு ஆயத்தமாக ஒரு வாசகம் கிடைக்கும். மகள் அதை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டாள். பக்கம் இருந்தும், அதைப் படித்துப் புரியாதவர்கள் எல்லாரும் கீழே பேக்கிங் மேஜையில் இருக்கும் தொலைபேசிக்குத்தான் கூப்பிட்டார்கள். மேஜையில் அளவுக்காரம்மாவுடன் வேலை செய்பவர் ஒரு நடுவயது ஆள். டேப் ஒட்டுவதில் கெட்டிக்காரர் என்பதால் அவர் பெயரே டேப்பு. ஒரு காதில் தொலைபேசி, ஒரு கையில் டேப்பு உருளை என்று அவர் பேக்கிங் செய்வதைப் பார்த்தால் சர்க்கஸ் பார்த்த மாதிரி இருக்கும்.

"அக்கா, இன்னைக்குக் காலையிலேருந்து எல்லாரும் ஒரே கேள்விதான்" என்றார் டேப்பு. "பார்சல் எங்க இருக்குன்னு பார்க்க நம்பர் வந்துச்சு, தட்டினா ஒண்ணும் காட்டலன்னு."

"பக்கத்துல போட்டிருக்கே, படிக்கலியா?"

"படிச்சாங்களாம். அதனாலதான் கூப்பிடுறாங்க."

அளவுக்காரம்மா மாடி ஏறினார். மகளிடம் அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, உங்கள் திருப்தியே எங்கள் முதன்மை நோக்கம்' என்று ஆரம்பித்தது அது. 'தகுதியுள்ள பொருட்களை, அசல் உறையில், பயன்படுத்தப்படாத நிலையில், ஜோடியாக, குறிப்பிட்ட காலவரம்புக்குள்' என்று போய்க்கொண்டே இருந்தது.

"நிறுத்து" என்றார் அம்மா. "ஜோடியாவா?"

"ஜோடியாத்தாம்மா. எல்லா ஷூ கடையிலயும் அப்படித்தான் போட்டிருப்பாங்க."

"எல்லாக் கடையும் ஜோடி விக்குது. நான் கால் விக்கிறேன். இடது சேர்ந்து வலது சேரலன்னா, சேர்ந்ததையும் எதுக்குடி திருப்பி அனுப்பணும்? இது யாரு எழுதினது?"

"யாரும் எழுதலம்மா. டெம்ப்ளேட்."

"அதான் யாருமே எழுதாத மாதிரி இருக்கு. எழுத்தை நீ அடி. நான் சொல்றேன்."

அப்படித்தான் அந்தப் பக்கம் பிறந்தது. அந்த அம்மா நின்றுகொண்டே சொல்ல, மகள் சிரிப்பும் எரிச்சலுமாக அடித்தாள். எழுத்து நடையை மகள் கொஞ்சம் நேராக்கினாள். விஷயம் முழுக்க அம்மாவுடையது. முதல் பகுதி இப்படிப் போயிற்று:

'உங்கள் ஆர்டர் எங்கே இருக்கிறது? பெட்டியில் முகவரி ஸ்டிக்கர் அச்சானதும் உங்களுக்கு ஒரு எண் வரும். உடனே அதைத் தட்டிப் பார்த்தால் ஒன்றும் காட்டாது. பயப்பட வேண்டாம். எண் பிறந்துவிட்டது, இன்னும் நடக்கவில்லை, அவ்வளவுதான். கூரியர் வேன்காரர் பெட்டியை எடுத்து ஸ்கேன் செய்த பிறகே நகர்வு தெரியும். இடையில் ஒரே ஊரில் இரண்டு நாள் நிற்பதாகக் காட்டினாலும் பெட்டி தொலைந்தது என்று அர்த்தமில்லை. டெலிவரி ஆகிவிட்டது என்று காட்டி, கையில் பெட்டி இல்லையென்றால், முதலில் வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். அடுத்துப் பக்கத்து வீடு, வாசல் காவலாளி. அங்கேயும் இல்லையென்றால் எங்களைக் கூப்பிடுங்கள். கூரியர்காரனிடம் சண்டை போடுவது எங்கள் வேலை.'

"சண்டைன்னு போட முடியாதும்மா."

"போடுவோம்ல? பின்ன என்ன?"

திருப்பி அனுப்பும் பகுதி இப்படி:

'சாயங்காலம் போட்டுப் பாருங்கள். கால் காலையில் சின்னதாகவும் சாயங்காலம் பெரிதாகவும் இருக்கும். வீட்டுக்குள் விரிப்பின் மேல் நடந்து பாருங்கள். தெருவில் இறங்கி நடந்துவிட்டால் அது உங்கள் ஷூ, எங்களுடையது இல்லை. ஒரு கால் மட்டும் சேரவில்லையா? அந்த ஒரு காலை மட்டும் திருப்பி அனுப்பலாம். முதலில் உங்கள் கணக்கில் போய்த் திருப்பி அனுப்பப் பதிவு செய்யுங்கள். பதியாமல் அனுப்பினால் பெட்டி யாருடையது என்று எங்களுக்குத் தெரியாது. பெட்டிமேல் இருக்கும் பழைய ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டுங்கள். கிழிக்காவிட்டால் மெஷின் பழையதைப் படித்து, பெட்டி ஊரைச் சுற்றிவிட்டு உங்கள் வீட்டுக்கே வந்து நிற்கும். பொருள் எங்கள் கைக்கு வந்து நாங்கள் பார்த்த பிறகே பணம் கிளம்பும். கிளம்பிய பணம் உங்கள் வங்கியில் ஏறச் சில நாள் ஆகும். அந்தத் தாமதத்துக்கு வங்கியைத் திட்டுங்கள்.'

மகள் 'வங்கியைத் திட்டுங்கள்' என்பதை 'அது வங்கியின் நடைமுறை' என்று மாற்றினாள். அம்மா பார்த்தும் விட்டுவிட்டார். பெரிய சண்டைக்காகச் சின்னதை விட்டுக் கொடுத்தார்.

பெரிய சண்டை நடுப்பகுதியில். ஆர்டரை எதுவரை மாற்றலாம்?

"ஆர்டர் போட்டு ஒரு மணி நேரம்" என்றாள் மகள். "அதுக்கு மேல மாத்தக் கூடாது. எல்லா இடத்துலயும் அதுதான்."

"பெட்டி நம்ம வாசலைத் தாண்டுற வரைக்கும்னு போடு."

"அம்மா! ஸ்டிக்கர் ஒட்டின பெட்டியை எப்படி மாத்துவீங்க?"

"கத்தி எதுக்கு இருக்கு? பிரிச்சு, காலை மாத்தி வச்சு, திரும்ப ஒட்டு. முகவரி மாறினா பழைய ஸ்டிக்கரை ரத்துப் பண்ணிட்டுப் புதுசு அடி. நீ சொல்லிக் கொடுத்ததுதானே?"

"அது எப்பவாவது ஒண்ணுன்னா. பக்கத்துல போட்டா எல்லாரும் கேப்பாங்க. வேன் வந்து நிக்கிற நேரத்துல குழப்பம் வரும். தப்புப் பார்சல் போகும்."

"என் கையால தப்புப் பார்சல் போகாது."

"போச்சுன்னா?"

"போகாதுங்கிறேன்!"

மகளும் அந்த அம்மாவின் வயிற்றில் பிறந்தவள்தானே, சும்மா விடுவாளா? நாற்காலியைத் திருப்பிக்கொண்டு நேருக்கு நேராகப் பார்த்தாள். ஊருக்கு வெளியே ஒரு பெரிய கிடங்கு இருந்தது. பல கடைகளின் சரக்கை வாங்கி வைத்து, ஆர்டர் வந்தால் பேக்கிங் செய்து அனுப்பிக் கொடுக்கும் இடம். அவர்களோடு மகள் ஏற்கெனவே பேசி வைத்திருந்தாள்.

"சரி. உங்க இஷ்டப்படியே போடுறேன். ஆனா ஒரு தப்புப் பார்சல் போனாலும், அனுப்புற வேலை கிடங்குக்குப் போயிடும். அங்க ஒரு பெட்டி, ஒரு அளவுதான். ரெட்டை அளவு ஜோடியெல்லாம் எடுக்க மாட்டாங்க. அது அத்தோட நின்னுடும். சம்மதமா?"

சாக்கு விரித்த நாளிலிருந்து செய்த வேலை. அந்த அம்மாவை அளவுக்காரம்மா ஆக்கிய வேலை. டேப்பு படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வேண்டாம் அக்கா என்று கையை ஆட்டினார். அளவுக்காரம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"சம்மதம்" என்றார். "அடி, வாசலைத் தாண்டுற வரைக்கும்னு."

பக்கம் ஏறியது. நம்பர் தட்டினால் காட்டவில்லை என்ற அழைப்புகள் படிப்படியாகக் குறைந்தன. ஒற்றைக் கால் மட்டும் திரும்பி வரும் சின்னப் பெட்டிகள் வர ஆரம்பித்தன. பதிவு எண்ணோடு, பழைய ஸ்டிக்கர் கிழிக்கப்பட்டு, ஒழுங்காக வந்தன. "பார்த்தியா, சொல்ற மாதிரி சொன்னா ஜனங்க செய்வாங்க" என்று அம்மா அவற்றில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தார். ஒருமுறை இல்லை, பலமுறை.

ஆனால் மகள் சொன்னதும் நடந்தது. வாசல்வரை மாற்றலாம் என்றதும் ஜனங்கள் வாசல்வரை யோசிக்க ஆரம்பித்தார்கள். கறுப்பு வேண்டாம் பழுப்பு என்றார்கள். அளந்து பார்த்தேன், அரை அளவு கூட்டுங்கள் என்றார்கள். வேன் வந்து நின்று, வேன்காரர் கதவைத் திறந்த பிறகுதான் பாதிப் பேருக்கு ஞானோதயம் வந்தது.

"அம்மா, நான் வேன் ஓட்டுறேனா, காத்திருப்பு அறை நடத்துறேனா?" என்பார் வேன்காரர். "இன்னும் நாலு தெரு இருக்கு எனக்கு."

"உன் வேன் என்ன ரயிலா, நேரத்துக்குக் கிளம்ப? தண்ணியைக் குடி. இதோ பிரிச்சாச்சு."

அந்த மதியமும் அப்படித்தான். வேன்காரர் சாக்குகளை ஏற்றிக்கொண்டிருந்தார். தொலைபேசி அடித்தது. உணவு விடுதியில் பரிமாறும் ஒருவர். நாள் முழுக்க நிற்கிற வேலை, வலது காலுக்கு அரை அளவு பெரிதாக வேண்டும் என்றார். அவர் வைத்ததும் மறு அழைப்பு. ஒரு பள்ளிக்கூட டீச்சர், இடது காலுக்கு ஒரு அளவு குறைக்கச் சொன்னார். இரண்டும் ஒரே மாதிரிக் கறுப்பு ஷூ. டேப்பு சாக்கிலிருந்து இரண்டு பெட்டிகளையும் இழுத்து மேஜையில் வைத்தார். அளவுக்காரம்மா கத்தியைப் போட்டு இரண்டையும் ஒன்றாகப் பிரித்து, நான்கு ஷூவையும் வெளியே எடுத்து, அலமாரியிலிருந்து வேண்டியதை எடுத்து மாற்றி, ஜோடி சேர்த்து உள்ளே வைத்தார். டேப்பு ஒட்டினார். வேன் போயிற்று.

மற்றக் கடைகளில் இந்த மாதிரித் தப்பு நடக்காது. அங்கே பெட்டியின் ஓரத்தில் அச்சடித்த அளவும், ஆர்டரில் உள்ள அளவும் ஒன்றா என்று பார்ப்பார்கள். ஒன்றாக இல்லாவிட்டால் கை நின்றுவிடும். இந்தக் கடையிலோ பெட்டி ஏழு என்னும், உள்ளே ஏழும் எட்டும் இருக்கும். பெட்டி ஒன்பது என்னும், உள்ளே ஒன்பதும் எட்டரையும் இருக்கும். பெட்டி சொல்வதைப் பார்க்காதே, ஷூவுக்குள் இருக்கும் எண்ணைப் பார் என்று டேப்புக்குச் சொல்லிக் கொடுத்ததே அந்த அம்மாதான். ஷூவுக்குள் இருந்த எண்கள் எல்லாம் சரி, ஜோடியும் சரி. ஆனால் எந்த ஜோடி எந்தப் பெட்டிக்குள் போனது என்று கேட்க அங்கே ஒன்றும் இல்லை. முகவரி ஸ்டிக்கர் பெட்டியின் மேல்தானே இருக்கிறது! ஒருவர் ஜோடி மற்றவர் பெட்டிக்குள் போய்விட்டது.

எண்ணைத் தட்டிப் பார்த்தால் இரண்டு பெட்டியும் அழகாக நகர்ந்தன. இரண்டும் டெலிவரி ஆகிவிட்டதாகப் பச்சையில் காட்டியது. தப்பான பெட்டியும் சரியான பெட்டியும் திரையில் ஒரே பச்சைதான்.

முதலில் பரிமாறுபவர் கூப்பிட்டார்.

"அம்மா, வணக்கம்மா. ஷூ வந்துடுச்சு. ஆனா என் ரெண்டு காலுக்கும் நடுவுல சண்டை மூட்டிவிட்டுட்டீங்க. இடது கால் உள்ள போகவே மாட்டேங்குது."

அளவுக்காரம்மா எண்களைப் படிக்கச் சொன்னார். படித்தார். படித்ததும் அந்த அம்மாவுக்கு விளங்கிவிட்டது. அந்தக் கால்கள் யாருடையவை என்பதும் தெரிந்துவிட்டது.

"அது வேற ஒருத்தரோடது" என்றார் தொலைபேசியில். "தப்பு எங்களோடது. உங்களோடது இன்னைக்கே கிளம்பும்."

"எனக்குப் புதுசா வேலை கிடைச்சிருக்கும்மா. கறுப்பு ஷூ இல்லாம உள்ள விட மாட்டாங்க. அந்த வேற ஒருத்தர் அட்ரஸைக் கொடுங்களேன், நானே போய் மாத்திக்கிறேன்."

"ஒருத்தர் அட்ரஸை இன்னொருத்தருக்குக் கொடுக்க மாட்டேன். நாளைக்கு உங்க அட்ரஸை எவனாவது கேட்டா கொடுக்கணுமா? உங்களுக்குப் புதுசு வரும். இதைப் போட்டு நடக்காதீங்க, அப்படியே பெட்டில வையுங்க. கூரியர்காரர் வீட்டுக்கே வந்து எடுத்துப்பார்."

டீச்சரையும் தானே கூப்பிட்டார். அவர் இன்னும் பெட்டியைப் பிரிக்கக்கூட இல்லை. "பிரிக்காமலே தப்புன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் டீச்சர். "அனுப்பினது நான். எனக்குத் தெரியாதா?" என்றார் அம்மா. பெருமை பேசும் குரலிலேயே சொன்னதால் டீச்சருக்குக் கோபப்படுவதா, பாராட்டுவதா என்று தெரியவில்லை; நன்றி சொல்லிவிட்டு வைத்தார்.

டேப்பு குரலைத் தாழ்த்தினார். "அக்கா, ஃபோன் நமக்குத்தான் வந்துச்சு. மேல யாருக்கும் தெரியாது. புதுசு ரெண்டு அனுப்பிடலாம், பழசு திரும்ப வந்தா அலமாரில ஏத்திக்கலாம். முடிஞ்சு போச்சு."

அளவுக்காரம்மா அவரைப் பார்த்த பார்வையில் டேப்பு உருளை கையிலிருந்து நழுவியது.

"டேப்பு, நான் சாக்கு விரிச்ச காலத்துலயே ஒரு தப்பான ஜோடியைப் பின்னாடி ஒளிச்சு வச்சதில்ல. இப்ப மாடிக் கடை வந்ததுக்கு அப்புறம் ஒளிக்கணுமா? என் பொண்ணுக்குப் பயந்து?"

அந்த அம்மா மாடி ஏறியதைப் பார்த்திருக்க வேண்டும். தப்பு செய்தவர் ஏறும் மாதிரி இல்லை. வசூலுக்குப் போகிறவர் மாதிரி ஏறினார். மகள் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். அது முடியும்வரைகூட அம்மா காத்திருக்கவில்லை.

"தப்புப் பார்சல் போயிருக்கு. ஒண்ணு இல்ல, ரெண்டு. கிடங்குக்காரனைக் கூப்பிடு."

மகள் பேச்சை முடித்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். ஜெயித்த முகம் காட்ட நினைத்தாள் போலிருக்கிறது, முகம் ஒத்துழைக்கவில்லை.

"உட்காருங்கம்மா."

"அந்த நாற்காலியிலயா? வேண்டாம். முதல்ல அந்த ரெண்டு பேருக்கும் புதுசு அனுப்பணும். அதுக்கு வழி பண்ணு."

"பழசு திரும்ப வந்து ஸ்கேன் ஆனாத்தாம்மா மாத்துப் பொருளுக்கு சிஸ்டம் விடும்."

"அவங்க தப்பா அது? நம்ம தப்பு. அவங்க எதுக்குக் காத்திருக்கணும்? புது ஆர்டர் போடு, விலை ஒண்ணுமில்லன்னு போடு. அதுக்கு விடுமில்ல உன் சிஸ்டம்?"

விடும். மகள் இரண்டு ஆர்டர் போட்டாள், இலவசமாக. பழைய பெட்டிகளை எடுக்கக் கூரியருக்கும் சொல்லிவிட்டாள். இந்த முறை அம்மா ஒரு பெட்டியை மூடி, ஒட்டி, சாக்கில் போட்ட பிறகே அடுத்த பெட்டியை மேஜைக்கு எடுத்தார். வேன்காரர் அதைப் பார்த்துவிட்டுத் தானாகவே தண்ணீர் எடுத்துக் குடித்தார்.

கிடங்கின் மேலாளர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் டேப்லெட். அலமாரிகளைச் சுற்றிப் பார்த்தார். சாதாரண ஜோடிகள் இருந்த பக்கம் தலையை ஆட்டிக்கொண்டே போனார். இடது தனியாகவும் வலது தனியாகவும் அடுக்கியிருந்த பக்கம் வந்ததும் நின்றுவிட்டார்.

"இது என்னம்மா?"

"கால்" என்றார் அளவுக்காரம்மா.

"இதுக்கு நாங்க என்ன பார்கோடு போடுறது? ஒரு பெட்டி, ஒரு கோடு, ஒரு அளவு. இதெல்லாம் எங்களால எடுக்க முடியாது. மீதி எல்லாத்தையும் தாராளமா எடுத்துக்கறோம்."

"எடுத்துக்கோங்க" என்றார் அம்மா. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மகள் சந்தேகத்தோடு பார்த்தாள். அம்மா எதிர்த்துப் பேசாத நாள் எது என்று அவளுக்கு நினைவில்லை.

சரக்கு ஏற்றிக்கொண்டு போக ஆள் வந்தது. ஜோடிகள் எல்லாம் போயின. பாதி அலமாரி காலியாயிற்று. மறுபாதி அப்படியே நின்றது. அளவுக்காரம்மா பேக்கிங் மேஜையைத் துடைத்தார். பிறகு ஒரு தடித்த மார்க்கர் பேனாவை எடுத்தார். காலிப் பெட்டிகளில் அச்சடித்திருந்த அளவை ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, பக்கத்தில் இரண்டு கட்டம் போட ஆரம்பித்தார். ஒன்று இடது, ஒன்று வலது.

மகள் கீழே வந்து பார்த்தாள்.

"என்னம்மா பண்றீங்க?"

"பெட்டி மேல எழுதியிருந்தது பொய். பொய்யைப் பார்க்காதேன்னு டேப்புக்குச் சொல்லிக் கொடுத்தேன். அதுக்குப் பதிலா பொய்யை அழிச்சிருக்கணும். இனிமே உள்ள இருக்கிறது என்னவோ அது வெளியில எழுதியிருக்கும். ஸ்டிக்கர்லயும் ரெண்டு அளவும் வர மாதிரி பண்ணிக் கொடு. ரெண்டையும் பார்த்துட்டு ஒட்டுவோம்."

"எதுக்கும்மா? ரெட்டை அளவுதான் நின்னு போச்சே! பேச்சு அப்படித்தானே?"

"பேச்சு என்ன? அனுப்புற வேலை கிடங்குக்குப் போகும். கொடுத்தேனா இல்லையா?"

"கொடுத்தீங்க."

"வாக்குத் தவறினேனா?"

"இல்ல. ஆனா இது நின்னுடும்னு சொன்னேன்ல?"

"நீ நின்னுடும்னு சொன்ன. நான் நிறுத்தறேன்னு சொல்லல. கொடுக்க வேண்டியதைக் கொடுத்துட்டேன். அவன் வேண்டாம்னு விட்டுட்டுப் போனான். அவன் வேண்டாம்னதை நான் எடுத்துக்கிறேன். ஜோடியை நீ வச்சுக்கோ. ஜோடி சேராததுக்கு நான் இருக்கேன்."

டேப்பு கையிலிருந்த உருளைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு காலி அலமாரியைப் பார்த்தாள், நிறைந்த அலமாரியைப் பார்த்தாள். இப்படி மாட்டுவோம் என்று தெரிந்திருந்தால் வேறு மாதிரிப் பேசியிருப்பாள்.

"வக்கீலுக்குப் படிச்சிருக்கணும் நீங்க."

"படிச்சிருந்தா உன்னை யாரு வளர்க்கிறது?"

"பெரிய சாதனைதான். ஆனா ஒண்ணு. அந்த வாசலைத் தாண்டுற வரைக்கும்ங்கிறதை எடுத்துடணும்."

"எடுக்க மாட்டேன். அதைச் சொன்னது தப்பில்ல, செஞ்ச விதம்தான் தப்பு. செய்யற விதத்தை மாத்திட்டேன். சொன்னதை மாத்த மாட்டேன்."

"ஜோடி ஆர்டர்லாம் இப்ப கிடங்குல இருக்கே. அங்க போய்ப் பெட்டியைப் பிரிப்பீங்களா?"

இது நியாயமான கேள்வி. அந்த அம்மா நியாயத்துக்குத் தலை வணங்காதவர் இல்லை. வணங்கும்போது கொஞ்சம் முறைப்பார், அவ்வளவே. கொஞ்ச நேரம் மார்க்கர் மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"அதுக்குத் தனியாப் போடு. சாதா ஜோடின்னா ஒரு மணி நேரம். ரெண்டு கால் ரெண்டு அளவுன்னா, எங்க வாசல் வரைக்கும். எது யாரு அனுப்புறாங்கன்னும் போடு. கிடங்குலேருந்து வர்ற பெட்டிக்கு என்னைக் கூப்பிட்டுக் கேட்டா எனக்கு எப்படித் தெரியும்?"

மாடிக்குப் போனார்கள். மகள் அடித்தாள், அம்மா நின்றார். இரண்டு வகை ஆர்டர், இரண்டு விதம், குழப்பமில்லாமல். அடுத்து, இதுவரை இல்லாத ஒரு பகுதி வேண்டும் என்றாள் மகள்: தப்பான பொருள் வந்தால் என்ன செய்வது? தானே ஆரம்பித்தாள்: 'ஏற்பட்ட சிரமத்துக்கு மனமார வருந்துகிறோம்.'

"அழி அதை."

"ஏம்மா, தப்பு பண்ணிட்டு வருந்தக்கூட மாட்டீங்களா?"

"வருந்துறதை ஃபோன்ல என் வாயால சொல்லிக்கிறேன். கால்ல ஷூ இல்லாம நிக்கிறவனுக்கு நீ வருந்துறது எதுக்கு? என்ன செய்வோம்னு போடு."

சொல்லச் சொல்ல மகள் அடித்தாள்:

'உங்களுக்கு வந்தது உங்களுடையது இல்லையா? தப்பு எங்களுடையது. போட்டு நடக்காமல் அப்படியே பெட்டியில் வையுங்கள். ஷூவுக்குள் இருக்கும் எண்ணையும், பெட்டிமேல் இருக்கும் ஸ்டிக்கரையும் படம் எடுத்து அனுப்புங்கள். அது திரும்பி வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். உங்களுடையதை அடுத்த வேனிலேயே அனுப்புவோம். வந்ததை உங்கள் வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்வோம், செலவு எங்களுடையது. அது யாருடையது என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டோம். உங்களுடையதையும் யாரிடமும் சொல்ல மாட்டோம்.'

"அடுத்த வேன்லயா? அந்த அளவு கையில இல்லன்னா?" என்றாள் மகள்.

அம்மா யோசித்தார். வாய் வரை ஒரு பெரிய பேச்சு வந்தது. அதை விழுங்கினார்.

"அளவு கையில் இருந்தால்னு சேர்த்துக்கோ. இல்லன்னா அன்னைக்கே கூப்பிட்டுச் சொல்லுவோம்னு போடு. கூப்பிடுறது நான்னும் போடு."

மகள் சேர்த்தாள். பக்கத்தின் கடைசியில், அம்மா நீக்க விடாத பேக்கிங் மேஜைத் தொலைபேசி எண் இருந்தது. அதை மகள் தொடவில்லை. தொட்டாலும் நடக்காது என்று தெரியும்.

"போட்டாச்சு" என்றாள்.

"முதல்லேருந்து படி."

மகள் படித்தாள். எண் பிறப்பதிலிருந்து, விரிப்பின் மேல் நடப்பது, ஒற்றைக் காலைத் திருப்பி அனுப்புவது, வாசல், கிடங்கு, படம் எடுப்பது வரை எல்லாம். அளவுக்காரம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. யாரு எழுதினது?"

"நீங்கதாம்மா."

"பின்ன?" என்றார் அவர், கீழே போகப் படியில் காலை வைத்துக்கொண்டே.